சனி, ஞாயிறு மட்டுமே கையில் இருந்தால்: ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு மூன்று வழிகள்

என் அண்ணி ராயக்கோட்டையிலிருந்து தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போகிறார். காலை ஏழு மணிக்கு முன்பே பஸ் ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.-உம் முடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வார நாளில் புத்தகத்தைத் தொட முடியாது என்பதை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். "இரவில் ஒரு மணி நேரம் படிப்பேன் என்று எழுதிவைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன்" என்றார். அந்த நேர்மைதான் எங்கள் திட்டத்துக்கு அடித்தளமாக இருந்தது. திட்டம் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம், இல்லாத நேரத்தை இருப்பதாக எண்ணிப் போடும் கணக்கு.

அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. கிருஷ்ணகிரிக்குப் போய் ஞாயிறு வகுப்பில் சேர்வது ஒன்று. வீட்டிலேயே ஆறாம் வகுப்பிலிருந்து பாடநூல்களை வரிசையாகப் படித்து வருவது இன்னொன்று. முதலில் ஒரு முழு வினாத்தாளை எழுதிப் பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே மட்டும் படிப்பது மூன்றாவது. இரண்டாவது வழியில் போய் 2013-ல் தோற்றவன் நான். மூன்றாவது வழியில் 2017-ல் இரண்டாம் தாளில் தேறினேன். ஆகவே எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது. ஆனாலும் அண்ணிக்காக மூன்றையும் தாளில் எழுதி, மணிக்கணக்கு போட்டுத்தான் முடிவெடுத்தோம்.

முதலில் தேர்வைப் பற்றிச் சிறிது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு உரியது இரண்டாம் தாள். 150 வினாக்கள், 150 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, ஆங்கிலம் 30. மீதி 60 மதிப்பெண்களும் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பொதுப் பிரிவினர் 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண் எடுக்க வேண்டும். மற்றப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் trb.tn.gov.in தளத்தில் வரும் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும், பழைய கைப்புத்தகத்தை நம்பக் கூடாது. அண்ணிக்குச் சலுகை இருந்தும் நாங்கள் 90-ஐயே கோடாக வைத்துக்கொண்டோம்.

இந்தத் தேர்வு ஒரு வாசல் மட்டுமே என்பதும் திட்டத்தை மாற்றும் செய்தி. 2018-ல் வந்த அரசாணைக்குப் பிறகு, தகுதித் தேர்வில் தேறியவர்கள் அரசுப் பணிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். தகுதிச் சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும். எனவே 130 எடுக்க வேண்டும் என்ற ஆசைக்காகச் சனி, ஞாயிறுகளைச் செலவிடத் தேவையில்லை. 100-ஐத் தாண்டும் அளவுக்கு ஒரு பாதுகாப்பு இடைவெளி போதும். மிச்சமாகும் வாரங்களை அடுத்த தேர்வுக்கான முதன்மைப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நேரக் கணக்கு. எங்கள் கையில் இருபது வாரங்கள் இருந்தன. சனிக்கிழமை ஐந்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் என்று அண்ணி சொன்னார். துணி துவைப்பதும் பிள்ளையைப் பார்ப்பதும் மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும் போக எஞ்சுவது அவ்வளவுதான். இருபது வாரங்களில் கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா, காய்ச்சல் என்று நான்கைக் கழித்தோம். பதினாறு வாரம், வாரத்துக்கு ஒன்பது மணி, ஆக 144 மணி நேரம். மூன்று வழிகளையும் அளந்து பார்க்க எங்களிடம் இருந்த படி இந்த எண்தான்.

ஞாயிறு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரி போக ஏறத்தாழ ஒரு மணி நேரம். பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் திரும்பி வருவதையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் சாலையிலேயே போய்விடும். வகுப்பு ஆறு மணி நேரம். அன்று மாலை வீடு திரும்புகிறவருக்குப் புத்தகம் திறக்கத் தெம்பு இருக்காது. ஆக ஞாயிறு முழுவதும் வகுப்புக்குப் போய், சனிக்கிழமையின் ஐந்து மணி நேரம் மட்டுமே சொந்தமாக மிஞ்சும். அவர் தர முடிந்த ஞாயிறு நான்கு மணி நேரம்தான். மிச்சத்தை வீட்டாரிடமிருந்து வாங்க வேண்டும். பதினாறு ஞாயிறு, 96 மணி நேர வகுப்பு. பார்வைக்கு இது பெரிய எண்தான்.

ஆனால் அந்த 96 மணி நேரம் அண்ணிக்காக ஒதுக்கப்பட்டதல்ல, அறையில் இருக்கும் ஐம்பது பேருக்காக. பாடவாரியாகச் சரிசமமாகப் பிரித்து நடத்தினால் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ பத்தொன்பது மணி நேரம், ஆங்கிலத்துக்குப் போகும். ஆங்கிலம் படித்துப் பட்டம் பெற்றவர் அங்கே உட்கார்ந்து வினைச்சொல்லின் காலங்களை மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சமூக அறிவியல் படித்தவர் பக்கத்தில் அமர்ந்து வரலாற்று வகுப்பில் அதே போல் காத்திருப்பார். வகுப்பில் குறை இல்லை. அது எல்லாருக்கும் பொதுவாக இருந்தாக வேண்டும்.

இன்னொன்று எனக்கு வலுவாகத் தோன்றியது. வகுப்பில் கேட்கும்போது புரிந்ததாகத் தோன்றுவதும், நான்கு விடைகளுக்கு நடுவே ஒன்றைத் துணிந்து தேர்வதும் வேறு வேறு வேலை. ஞாயிறு கேட்டதை அடுத்த சனிக்கிழமை கேள்வியாக எழுதிப் பார்க்காவிட்டால் அது கரைந்துவிடும். கிடைக்கும் ஐந்து மணி நேரச் சனிக்கிழமையை அண்ணி அதற்குத்தான் செலவிட வேண்டியிருக்கும். புதிதாகப் படிக்க நேரம் இராது.

ஆயினும் இந்த வழி யாருக்குச் சரி என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு மணி நேரம் கூட ஒதுங்கி உட்கார இடமில்லாதவருக்கு, வகுப்பறையின் நாற்காலியே பெரிய உதவி. பி.எட். முடித்துப் பத்து, பதினைந்து ஆண்டு இடைவெளி விழுந்தவருக்கும், கற்பித்தல் பகுதியைத் தனியே தொடங்கத் தெரியாதவருக்கும் ஒருவர் எடுத்துச் சொல்வது நல்லது. தருமபுரி நகரிலோ கிருஷ்ணகிரி நகரிலோ நடந்து போகும் தூரத்தில் குடியிருந்தால் பயணச் செலவு என்ற பெரிய கழித்தல் இல்லை. கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரிக்கலாம். அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வகுப்பு எந்தக் கிழமை என்பது. வார நாளில் நடந்தால் வேலைக்குப் போகிறவருக்கு அது இலவசமாக இருந்தும் எட்டாது.

ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது வழியில் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் முதல் மொழியாக அவற்றைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் நகரத்து வகுப்புகள் பெரும்பாலும் தமிழையே நடத்தும். அப்படிப்பட்டவர் பணம் கட்டுவதற்கு முன், தமக்கு வேண்டிய 30 மதிப்பெண் அந்த வகுப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, வரிசையாகப் படிப்பது. நான் 2013-ல் செய்தது இதுதான் என்பதால் இதன் சரிவு எப்படி நடக்கும் என்று நன்றாகத் தெரியும். ஆறாம் வகுப்புத் தமிழின் முதல் பருவத்தில் தொடங்கினேன். ஒவ்வொரு பாடத்துக்கும் குறிப்பு எழுதினேன். நோட்டு அழகாக நிறைந்தது. ஏழாவது வாரத்தில் ஏழாம் வகுப்பின் நடுவில் இருந்தேன். அப்போது ஆறாம் வகுப்பின் முதல் இயலை மூடிவைத்துக் கேட்டிருந்தால் பாதி கூடச் சொல்லியிருக்க மாட்டேன். அப்படி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தேர்வறையில்தான் அது தெரிந்தது. 76 எடுத்தேன்.

வாரக் கடைசியில் மட்டும் படிப்பவருக்கு இந்த வழி தருகிற அடி இரட்டிப்பு. தினமும் படிப்பவருக்கு நேற்றையது இன்று கண்ணில் படும். ஞாயிறு மாலை மூடிய புத்தகத்தைச் சனிக்கிழமை காலை திறக்கிறவருக்கு நடுவில் ஐந்து வேலைநாட்கள் இருக்கின்றன. வரிசை முறை எப்போதும் முன்னோக்கியே போகச் சொல்கிறது, திரும்பிப் பார்க்க இடமே வைப்பதில்லை. போதாக்குறைக்கு, கடைசி வகுப்பை எட்டும் முன் நேரம் தீர்ந்துவிடும். வினாக்கள் ஆறு முதல் எட்டு வரையிலான பாடத்தை ஒட்டி வந்தாலும், அவற்றின் ஆழம் உயர்நிலை, மேல்நிலை வரை போகக்கூடும். வரிசையாகப் போகிறவர் எளிய ஆறாம் வகுப்புக்கு மிகுந்த நேரம் தந்து, கடினமான எட்டாம் வகுப்பையும் அதற்கு மேலுள்ளதையும் அவசரமாகப் புரட்டுவார்.

இந்த முறை நன்றாகப் போகிறதா என்று அறிய ஒரு சோதனை போதும். ஆறாவது வாரத்தில், முதல் வாரம் படித்த பாடத்தின் பின்னுள்ள வினாக்களைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் வராவிட்டால், மேலும் வேகமாகப் படிப்பதால் பயன் இல்லை.

இந்த வழிக்கு ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பாடநூல்தான் மூலம். வழிகாட்டி நூல்களில் வரும் பிழைகள் அதில் குறைவு. தமிழ்ப் பகுதியில் எந்த வினாவும் பாடநூலின் ஏதோ ஒரு வரிக்குத் திரும்பிப் போகும். ஆகவே பாடநூலை விட்டுவிட்டு வினா வங்கியை மட்டும் மனப்பாடம் செய்வது இதைவிட மோசம்.

மூன்றாவது வழியைத்தான் நாங்கள் எடுத்தோம். முதல் சனிக்கிழமை அண்ணி எதுவும் படிக்காமல் ஒரு முழு வினாத்தாளை எழுதினார். மூன்று மணி நேரம், தொலைபேசி அணைத்துவைத்து, நடுவில் எழுந்திருக்காமல். எந்தத் தாள் என்பதிலும் கவனம் வேண்டியிருந்தது. பள்ளிப் பாடநூல்கள் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் மாறிவிட்டன. 2012, 2013, 2017 ஆண்டுகளின் தாள்களில் தமிழும் சமூக அறிவியலும் பழைய புத்தகங்களிலிருந்து வந்தவை. அந்தப் பகுதிகளை இன்று பயிற்சிக்கு எடுப்பது, இப்போது இல்லாத பாடத்துக்கு உழைப்பதாகும். குழந்தை வளர்ச்சி, ஆங்கில இலக்கணம் ஆகியவற்றுக்கு அந்தத் தாள்கள் இன்றும் உதவும். முழுத் தேர்வுக்கு 2023 பிப்ரவரியில் கணினி வழியில் பல அமர்வுகளாக நடந்த இரண்டாம் தாளும், 2025 நவம்பரில் நடந்த தாளும் பொருத்தமானவை.

எழுதும்போது ஒரே ஒரு கூடுதல் வேலை செய்யச் சொன்னேன். ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் நிச்சயம், ஐயம், ஊகம் என்பதற்கு ஒரு குறி போட வேண்டும். அந்தக் குறிகள் இல்லாவிட்டால் மொத்த மதிப்பெண் பாதி பொய் சொல்லும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒன்று சரியாக விழும்.

அண்ணி 75 எடுத்தார். குழந்தை வளர்ச்சியில் 13, தமிழில் 14, ஆங்கிலத்தில் 24, சமூக அறிவியலில் 60-க்கு 24. குறிகளைப் பிரித்தோம். நிச்சயம் என்று போட்டவை 56, அதில் 47 சரி. ஐயம் 46, அதில் 17 சரி. ஊகம் 48, அதில் 11 சரி. ஊகத்தில் வந்த 11 மதிப்பெண் அவருடையதல்ல. அடுத்த தாளில் அது ஏழாகவும் வரலாம், பதினைந்தாகவும் வரலாம். ஐயமுள்ள 46-தான் நிலம். பாதி தெரிந்த அந்த இடத்தில் ஒரு மணி நேரம் போட்டால் விளைச்சல் உண்டு. நிச்சயம் என்று எழுதித் தவறிய ஒன்பதைப் பார்த்து நான் கவலைப்பட்டேன். தவறாகப் பதிந்திருக்கும் ஒன்றை யாரும் திரும்பத் திறந்து பார்ப்பதில்லை. அந்த ஒன்பதில் ஐந்து குழந்தை வளர்ச்சிப் பகுதியில் இருந்தன.

அந்த ஐந்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பி.எட். படித்தவர்கள் பெரும்பாலும் விழும் குழி அது. பியாஜே என்றால் நான்கு நிலை, கோல்பர்க் என்றால் ஒழுக்க வளர்ச்சி, கார்ட்னர் என்றால் பன்முக நுண்ணறிவு என்று பெயரையும் கொள்கையையும் கோடு போட்டு இணைக்க அண்ணிக்குத் தெரியும். வினா அப்படி வரும்போது சரியாகவே எழுதினார். ஆனால் ஒரு வகுப்பறைக் காட்சியைச் சொல்லி, இது எதைக் காட்டுகிறது என்று கேட்டால் தடுமாறினார். நான் ஓர் எடுத்துக்காட்டு எழுதிக் கொடுத்தேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒரு பின்னக் கணக்கைத் தனியே செய்ய முடியாமல் நிற்கிறாள். ஆசிரியர் முதல் படியை மட்டும் காட்டுகிறார். மீதியை அவளே முடித்துவிடுகிறாள். அண்ணி பியாஜேயின் முறையான மனச் செயல்பாட்டு நிலை என்றார், நிச்சயம் என்ற குறியுடன். பதினொரு வயதைத் தாண்டிய பிள்ளை என்பதைப் பார்த்ததும் வயதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் காட்சியில் பேசப்படுவது வயதல்ல, துணை. தனியே முடிகிற எல்லைக்கும் பிறர் உதவியோடு முடிகிற எல்லைக்கும் நடுவிலுள்ள இடம், வைகாட்ஸ்கி சொன்ன அண்மை வளர்ச்சி மண்டலம். ஆசிரியர் காட்டிய முதல் படி, கட்டடம் எழும் வரை நிறுத்தும் சாரம் போன்றது. அகலமான பாத்திரத்திலிருந்து உயரமான குவளைக்கு நீரை ஊற்றியதும் நீர் கூடிவிட்டது என்று குழந்தை சொன்னால், அப்போது பியாஜேயிடம் போக வேண்டும்.

இதற்கு வரையறைகளை மீண்டும் படிப்பது மருந்தல்ல. ஒவ்வொரு கொள்கைக்கும் அண்ணியே இரண்டு வகுப்பறைக் காட்சிகளை எழுத வேண்டும் என்று வைத்தோம். ஒன்று அந்தக் கொள்கைக்குப் பொருந்துவது, இன்னொன்று பொருந்துவது போலத் தோன்றி வேறொன்றுக்கு உரியது. இரண்டாவதை எழுதத் தெரிந்தால்தான் புரிந்தது என்று கொண்டோம். ஒரு சனிக்கிழமையில் மூன்று கொள்கைக்கு மேல் போகவில்லை.

அடுத்து 60 மதிப்பெண் பகுதி. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் படித்தவர்களுக்கு அவரவர் பகுதி. மொழிப்பாடம் படித்தவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தம் பட்டத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன் அறிவிக்கையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பலர் இதில் தோழி எதை எடுத்தாளோ அதையே எடுக்கிறார்கள். அண்ணி அதே தாளிலிருந்து கணிதம்-அறிவியலின் 60 வினாக்களையும் தனியாக எழுதிப் பார்த்தார். 21 வந்தது. சமூக அறிவியலில் 24. வேறுபாடு சிறியதுதான். ஆனால் நேரம் பேசியது. சமூக அறிவியலுக்கு 45 நிமிடம் ஆனது, கணிதம்-அறிவியலுக்கு 75 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வில் அந்த அரை மணி நேரம் மற்றப் பகுதிகளைத் திருப்பிப் பார்க்க வேண்டிய நேரம். சமூக அறிவியலே என்று முடிவெடுத்தோம். கணக்கில் கை ஓடுகிற மொழிப் பட்டதாரிக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். ஆண்டும் பெயரும் ஐந்து நாளில் மறக்கும், ஒருமுறை பிடிபட்ட கணக்கு முறை அவ்வளவு எளிதில் மறக்காது.

பிறகு 144 மணி நேரத்தைப் பிரித்தோம். ஆங்கிலத்துக்கு 10, குழந்தை வளர்ச்சிக்கு 34, தமிழுக்கு 30, சமூக அறிவியலுக்கு 46. மீதி 24 மணி நேரம் நான்கு முழுத் தேர்வுகளுக்கு. ஒவ்வொன்றும் எழுத மூன்று மணி, திருத்திப் பார்க்க மூன்று மணி. இலக்கு: ஆங்கிலம் 24-லிருந்து 26, குழந்தை வளர்ச்சி 13-லிருந்து 22, தமிழ் 14-லிருந்து 21, சமூக அறிவியல் 24-லிருந்து 36. கூட்டினால் 105. ஆங்கிலத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் 110 மணி நேரத்தில் 28 மதிப்பெண், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். இது பேராசைக் கணக்கல்ல. ஞாயிறு வகுப்பில் சேர்ந்திருந்தால் ஆங்கிலத்துக்குப் போயிருக்கும் பத்தொன்பது மணி நேரத்தில் ஏறத்தாழ பாதி இங்கே தமிழுக்கும் குழந்தை வளர்ச்சிக்கும் வந்துவிட்டது.

தமிழில் எதை முதலில் எடுப்பது என்பதையும் அந்தத் தாளே சொன்னது. செய்யுள், உரைநடை வினாக்களில் அவர் ஓரளவு தப்பித்தார். இலக்கணத்தில் விழுந்தார். ஆறாம் வகுப்பில் சுட்டெழுத்தும் மயங்கொலியும், ஏழாம் வகுப்பில் குற்றியலுகரமும் நால்வகைக் குறுக்கமும் ஆகுபெயரும், எட்டாம் வகுப்பில் எச்சமும் வேற்றுமையும் தொகைநிலைத் தொடர்களும் புணர்ச்சியும். இவற்றை வகுப்பு வரிசையில் எடுக்காமல் எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கினோம். எட்டாம் வகுப்புத் தொகைநிலையைப் படிக்கும்போது வேற்றுமை தெரியாமல் நின்றால், அப்போதே பின்னால் போய்ப் பார்த்துவருவது என்று வைத்தோம். தேவை வந்தபின் படித்தது ஒட்டிக்கொள்கிறது.

ஐந்து நாள் இடைவெளிக்கு என்ன செய்தோம் என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். அண்ணி குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டார். நோட்டின் இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் விடை. சனிக்கிழமை காலையில் புதுப் பாடத்தைத் திறப்பதற்கு முன் முதல் நாற்பது நிமிடம், போன வாரத்துக் கேள்விகளுக்கு வலது பக்கத்தை மூடிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். வராத கேள்விக்குப் பென்சிலால் ஒரு புள்ளி. ஞாயிறு மாலை கடைசி அரை மணி நேரம், மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் புள்ளி விழுந்தவை மட்டும். மூன்று புள்ளி சேர்ந்த கேள்வியைத் தனித் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். வார நாளில் படிப்பதில்லை என்ற முடிவு அப்படியே இருந்தது. தோசை ஊற்றும்போது கண்ணில் பட்டதைப் படிப்பு என்று அவர் கணக்கில் எழுதவில்லை.

இந்த வழியிலும் கெடக்கூடிய இடம் உண்டு. தாளை எழுதுவதும் மதிப்பெண்ணைக் கூட்டுவதும் உற்சாகமாக இருக்கும். தவறிய வினாவைத் தூக்கிக்கொண்டு பாடநூலுக்குப் போவது சலிப்பான வேலை. நான்காவது வாரத்தில் அண்ணி திருத்தும் நேரத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டு இன்னொரு தாள் எழுதலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வினாவை மட்டும் மனப்பாடம் செய்தால் அதே பாடத்திலிருந்து வேறு கோணத்தில் வரும் வினா வழுக்கிவிடும். ஒவ்வொரு தவறுக்கும் பாடநூலில் அந்தப் பத்தியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வேறொரு கேள்வியை நோட்டில் எழுதிய பிறகே அது திருத்தியதாகும். ஐயமும் ஊகமுமாக இருந்து சரியாக விழுந்தவையும் இதில் சேரும். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவருக்கு மூன்றாவது வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர் வகுப்புக்கே போகலாம்.

எட்டாவது வாரத்தில் இரண்டாம் முழுத் தேர்வு. 88 வந்தது. குழந்தை வளர்ச்சி 20, தமிழ் 17, ஆங்கிலம் 25, சமூக அறிவியல் 26. நிச்சயம் என்று போட்டுத் தவறியவை நான்காகக் குறைந்திருந்தன. கற்பித்தல் பகுதி எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியிருந்தது. சமூக அறிவியல் எட்டு வாரத்தில் இரண்டே மதிப்பெண் நகர்ந்திருந்தது. காரணத்தைத் தேடினோம். வரலாற்றை அவர் கதைபோல் ஆசையாகப் படித்துக்கொண்டே போயிருந்தார். புவியியலும் குடிமையியலும் பொருளியலும் தொடப்படாமல் கிடந்தன. தவறியவற்றில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. குழந்தை வளர்ச்சிக்கு மிஞ்சியிருந்த மணிகளில் ஆறை எடுத்து அந்தப் பாடங்களுக்குக் கொடுத்தோம். ஒன்பது, பத்தாம் வகுப்பு வரலாற்றைத் தள்ளிவைத்தோம்.

பணம் கட்டிய ஒரே இடம் தருமபுரியில் ஒரு தேர்வுத் தொகுதி. வகுப்பு இல்லை, மாதத்துக்கு ஒரு ஞாயிறு முழுத் தேர்வு மட்டும். ராயக்கோட்டையிலிருந்து ரயிலிலேயே தருமபுரி போய்விடலாம். அறிமுகமில்லாத அறையில், வேறு பலருக்கு நடுவே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதும் பழக்கத்துக்கு அது தேவையாக இருந்தது. எங்கள் நான்கு முழுத் தேர்வுகளில் கடைசி இரண்டை அங்கே எழுதுவதாக வைத்திருக்கிறோம்.

இப்போது பன்னிரண்டாவது வாரம் நடக்கிறது. மூன்றாம் தேர்வு இந்த ஞாயிறு. அதில் சமூக அறிவியல் 32-ஐத் தொடாவிட்டால் தமிழுக்கு மிச்சமிருக்கும் நேரத்தில் நான்கு மணியை அதற்கு மாற்றுவது, தொட்டுவிட்டால் ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலைத் திறப்பது என்று நோட்டின் முதல் பக்கத்தில் அண்ணி எழுதிவைத்திருக்கிறார்.